ஸ்டீவன்ஸ் சொல்வதில் எதை நம்புவது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதைப் படித்தால் மூன்று கதைகளின் முடிச்சு அவிழ்ந்துவிடும். கசுவோ இஷிகுரோவின் ‘தி ரிமெய்ன்ஸ் ஆஃப் தி டே’ (1989), அகதா கிறிஸ்டியின் ‘தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்’ (1926), ஹென்றி ஜேம்ஸின் ‘தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ’ (1898). மற்ற இரண்டைப் பற்றி எனக்குக் கவலையில்லை, ஆனால் அக்ராய்டைப் படிக்காதவர்கள் அதை முடித்துவிட்டு வாருங்கள். அதன் முடிவைத் தெரிந்துகொண்டு படிப்பது வேறு அனுபவம், அதை உங்கள் தலையில் கட்டிய பாவம் எனக்கு வேண்டாம்.

விஷயம் இதுதான். நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து இஷிகுரோவின் நாவலைப் படித்தோம். டார்லிங்டன் ஹால் என்ற பெரிய மாளிகையின் பட்லர் ஸ்டீவன்ஸ், 1956 ஜூலையில், புது அமெரிக்க முதலாளியின் ஃபோர்டு காரை எடுத்துக்கொண்டு இங்கிலாந்தின் மேற்குப் பக்கம் போகிறார். முன்பு அந்த வீட்டில் ஹவுஸ்கீப்பராக இருந்த மிஸ் கென்டனைப் பார்த்துத் திரும்ப வேலைக்கு அழைப்பதுதான் நோக்கம் என்கிறார். வழியெல்லாம் பழைய கதை. முழுக்க அவரே சொல்கிறார், வேறு குரல் கிடையாது. இந்த ஆள் சொல்வது அப்படியே நடந்ததில்லை என்பது பாதியிலேயே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. சண்டை வந்தது அதற்கப்புறம். ஒருத்தர், “இவர் சொல்வது எதையுமே எடுத்துக்கொள்ளக் கூடாது” என்றார். இன்னொருத்தர், “சம்பவங்கள் சரி, அவர் சொல்லும் காரணங்கள்தான் பொய்” என்றார். மூன்றாமவர், “மற்றவர்கள் பேசுவதை மட்டும் நம்பு” என்றார். நான் வேறொன்று சொன்னேன், அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்படிப்பட்டவர்களை ‘நம்பகமற்ற கதைசொல்லி’ என்கிறோம். 1961-இல் வெய்ன் பூத் என்ற அமெரிக்க விமர்சகர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த பெயரின் தமிழ் வடிவம் அது. பெயர் கொஞ்சம் ஏமாற்றும். ஒருவரை நம்பகமற்றவர் என்றதும் ஏதோ மொத்தமாகத் தள்ளிவிட வேண்டியவர் போலத் தோன்றுகிறது. நம் வீட்டிலேயே பாருங்கள், கல்யாணத்துக்குப் போய்விட்டு வரும் சித்தி “பந்தியில் யாரும் நம்மைக் கண்டுகொள்ளவே இல்லை” என்று சொன்னால், அங்கே பந்தி நடந்தது, சித்தி சாப்பிட்டார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. கண்டுகொள்ளவில்லை என்பதை மட்டும்தான் இன்னொரு வாயிலிருந்து கேட்டுப் பார்ப்போம். நாவலிலும் கேள்வி இதுதான்: எந்தப் பகுதியைத் தள்ளுவது, எதைக் கையில் வைத்துக்கொள்வது.

முதல் வழி, எல்லாவற்றையும் சந்தேகப்படுவது. கேட்பதற்குக் கெட்டிக்காரத்தனமாக இருக்கும். எங்கள் நண்பர் இதை எடுத்துக்கொண்டு, மிஸ் கென்டனுக்கு ஸ்டீவன்ஸ் மேல் எந்தக் காலத்திலும் ஈடுபாடு இருந்ததில்லை, எல்லாம் கிழவரின் கற்பனை என்று வாதாடினார். சரி, அவருடைய கற்பனை என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? அவர் எழுதிய வரிகளிலிருந்துதானே? கென்டனின் கடிதத்தில் திரும்பி வரும் ஆசை தெரிகிறது என்று முதலில் உறுதியாகச் சொல்பவர், பயணத்தின் நடுவில் அதே கடிதத்தை மறுபடி படித்துவிட்டு, அப்படி வெளிப்படையாக அதில் ஒன்றும் இல்லையே, நான்தான் அதிகமாக வாசித்துவிட்டேனோ என்று தயங்குகிறார். அந்தத் தயக்கத்தை நம்பினால்தான் முன்னால் சொன்னது பிழை என்று பிடிக்க முடியும். ஒரு பொய்யைப் பிடிக்க நாலு உண்மை கையில் இருக்க வேண்டும், நாலையும் கிழித்துப் போட்டால் பொய்யும் கூடவே போய்விடும். இந்த வழியில் போகிறவர்கள் கடைசியில் ஆசிரியர் எழுதாத ஒரு நாவலைத் தாங்களே எழுதிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாவது வழி எவ்வளவோ தேவலாம். நடந்ததை நம்பு, அதற்கு அவர் ஒட்டும் விளக்கத்தை நம்பாதே. ஜேம்ஸ் ஃபீலன் என்ற விமர்சகர் இதைக் கொஞ்சம் நுணுக்கமாகப் பிரித்தார். ஒரு கதைசொல்லி மூன்று வேலை செய்கிறார். என்ன நடந்தது என்று சொல்கிறார், அது ஏன், அதன் பொருள் என்ன என்று புரிந்துகொள்கிறார், அது நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்கிறார். மூன்றிலும் ஒரே மாதிரி தவற வேண்டும் என்று இல்லை. ஒவ்வொன்றிலும் தப்பாகவும் சொல்லலாம், குறைத்தும் சொல்லலாம். இந்தக் ‘குறைத்துச் சொல்வது’ என்பது ஸ்டீவன்ஸுக்கு ரொம்ப முக்கியம். அவர் பொய் சொல்வதைவிட விழுங்குவதுதான் அதிகம்.

அப்பா சாகும் இரவை எடுத்துக்கொள்வோம், 1923 மார்ச். டார்லிங்டன் பிரபு தன் வீட்டில் ஐரோப்பியப் பெரிய மனிதர்களைக் கூட்டி, முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனி மீது சுமத்தப்பட்ட நிபந்தனைகளைத் தளர்த்தப் பேச்சு நடத்துகிறார். ஸ்டீவன்ஸின் அப்பாவும் அதே வீட்டில் வேலை பார்க்கும் பழைய பட்லர், மாடி அறையில் மரணப் படுக்கையில் இருக்கிறார். மகன் மேலே போகிறார், பார்க்கிறார், விருந்தினர்கள் காத்திருக்கிறார்கள் என்று இறங்கி வந்துவிடுகிறார். மது பரிமாறிக்கொண்டே இருக்கிறார். விருந்தினர்களில் ஒருவரான இளைஞர் கார்டினல், உடம்பு சரியில்லையா என்று கேட்கிறார். இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்கிறார் ஸ்டீவன்ஸ். கொஞ்ச நேரத்தில் டார்லிங்டன் பிரபுவே வந்து, நீ அழுவதுபோல் தெரிகிறதே என்கிறார். ஸ்டீவன்ஸ் சிரித்துக்கொண்டு கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்து, நாள் முழுக்க வேலை, அதன் களைப்பு என்கிறார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கென்டன் வந்து அப்பா போய்விட்டார் என்று சொல்கிறார்.

இந்தப் பக்கத்தில் ‘அழுதேன்’ என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். கிடைக்காது. ‘எனக்கு வருத்தமாக இருந்தது’ என்றுகூட அந்த நேரத்தைப் பற்றி அவர் எழுதவில்லை. கண்ணீர் நமக்குத் தெரிவது இரண்டு பேர் கேட்ட கேள்விகளிலிருந்தும், துடைத்த கைக்குட்டையிலிருந்தும்தான். இத்தனைக்கும் அந்த அத்தியாயத்தை முடிக்கும்போது, அந்த இரவை நினைத்தால் பெரிய வெற்றி உணர்வு வருகிறது என்கிறார். இரண்டாவது வழியில் போகிறவர் இங்கே சரியாகப் பிரிப்பார்: பரிமாறியது, கைக்குட்டை, கேள்விகள், இதெல்லாம் நடந்தது. ‘வெற்றி’ என்பது அவர் மேலே ஒட்டிய சீட்டு. அந்தச் சீட்டைத் தூக்கிப் போட வேண்டாம், அது வேறொரு சாட்சி. அப்பா செத்த இரவுக்கு ‘வெற்றி’ என்று பெயர் வைக்க வேண்டிய நிலையில் இந்த மனிதர் 33 வருஷம் கழித்தும் இருக்கிறார் என்பதற்குச் சாட்சி.

இங்கே தமிழ் வாசகருக்கு ஒரு வசதி உண்டு என்று எனக்குத் தோன்றும். நாம் பேசும்போதே “அழுதான்” வேறு, “அழுதானாம்” வேறு, “அழுத மாதிரி இருந்தது” வேறு. யார் பார்த்தது, யார் சொல்லிக் கேட்டது என்பது வினைச்சொல்லின் வாலிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஆங்கில வாக்கியத்தில் அந்த வால் இல்லை. அதனால் இந்த நாவலைப் படிக்கும்போது நான் ஒவ்வொரு முக்கிய வரியையும் மனசுக்குள் தமிழில் சொல்லிப் பார்ப்பேன், ‘ஆம்’ போட வேண்டிய இடமா, வேண்டாத இடமா என்று. கைக்குட்டையை எடுத்ததற்கு ‘ஆம்’ வேண்டாம். கென்டன் திரும்பி வர ஆசைப்படுகிறாள் என்பதற்குக் கட்டாயம் வேண்டும்: ஆசைப்படுகிறாளாம்.

மூன்றாவது வழி, மற்றவர்கள் பேசுவதை மட்டும் நம்புவது. அப்பாவின் இரவில் இது பிரமாதமாக வேலை செய்வதைப் பார்த்தோம். இன்னொரு இடத்திலும் செய்கிறது. டார்லிங்டன் பிரபு, ரூத், சாரா என்ற இரண்டு வேலைக்காரப் பெண்களை அவர்கள் யூதர்கள் என்பதற்காக வேலையை விட்டு அனுப்பச் சொல்கிறார். கென்டன் கொதிக்கிறாள், அவர்களை அனுப்பினால் நானும் போகிறேன் என்கிறாள். ஸ்டீவன்ஸ் உத்தரவை நிறைவேற்றுகிறார். ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து, பிரபு தான் செய்தது தப்பு என்று ஒத்துக்கொண்ட பிறகு, அந்தச் சம்பவத்தில் எனக்கும் மனசு கஷ்டப்பட்டது என்று ஸ்டீவன்ஸ் கென்டனிடம் சொல்கிறார். அதை அப்போதே சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும், ஏன் எப்போதும் இப்படி நடிக்கிறீர்கள் என்று அவள் கேட்கிறாள். நாவல் முழுக்க ஸ்டீவன்ஸைப் பற்றி இதைவிடச் சரியான விமர்சனம் யாரும் செய்யவில்லை. அதை எழுதி வைத்தது யார்? ஸ்டீவன்ஸேதான்.

ஆனால் இந்த வழிக்கு ஒரு ஓட்டை இருக்கிறது. மற்றவர்கள் பேசியதும் ஸ்டீவன்ஸ் வாய் வழியாகத்தானே வருகிறது? அவருடைய ஞாபகம் எப்படிப்பட்டது என்று அவரே காட்டுகிறார். அப்பாவுக்கு வயசாகி வேலையில் தவறுகள் வரும் சமயம், இந்தத் தவறுகள் தனித்தனியாகச் சின்னவைதான், ஆனால் இவற்றின் பொருள் பெரியது என்று கென்டன் சொன்னதாக முதலில் எழுதுகிறார். கொஞ்ச தூரம் போனதும், இல்லை, ஒரு ஹவுஸ்கீப்பர் அவ்வளவு துணிந்து பேசியிருப்பாளா, அதைச் சொன்னது டார்லிங்டன் பிரபுவாக இருக்க வேண்டும் என்று திருத்துகிறார். சொன்ன வார்த்தை பத்திரமாக இருக்கிறது, சொன்ன ஆள் மாறிவிட்டார். முதலாளி வாயிலிருந்து வந்த அடி தாங்க முடியாததாக இருந்திருக்கலாம், சண்டை போட்டுப் பழகிய கென்டன் மேல் அதைப் போடுவது சுலபம். இது என் ஊகம்தான், ஆனால் திருத்தம் நடந்த திசை இதைத்தான் காட்டுகிறது.

இதைவிட முக்கியமானது கதவுக் காட்சி. மூடிய கதவுக்கு வெளியே ஸ்டீவன்ஸ் நிற்கிறார், உள்ளே கென்டன் அழுதுகொண்டிருக்கிறாள் என்று அவருக்கு நிச்சயமாகத் தோன்றுகிறது, தட்டவில்லை. இது அவளை வளர்த்த அத்தை இறந்த செய்தி வந்த நாளில் நடந்தது என்று முதலில் எழுதுகிறார். பிறகு, யோசித்துப் பார்த்தால் குழம்பிவிட்டேன் போலிருக்கிறது, அது அத்தை இறந்து சில மாதம் கழித்து, இளைஞர் கார்டினல் திடீரென்று வீட்டுக்கு வந்த மாலையில் நடந்திருக்க வேண்டும் என்கிறார். அந்த மாலை என்ன மாலை? வேறொருவர் தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருந்ததற்கு அன்றுதான் கென்டன் சம்மதம் சொல்லிவிட்டு வீடு திரும்பியிருந்தாள். ஸ்டீவன்ஸிடம் அதைச் சொல்லவும் சொன்னாள், அவர் வாழ்த்துச் சொல்லிவிட்டு மாடியில் வேலை இருக்கிறது என்று போய்விட்டார்.

இந்த ஒரே காட்சியை மூன்று வழிகளுக்கும் கொடுத்துப் பாருங்கள். முதல் வழிக்காரர், ‘நாளையே மறந்தவர், கதவே கற்பனை’ என்று முடித்துவிடுவார். இரண்டாமவர், கதவு நிஜம், அழுகை அவருடைய ஊகம் என்பார், அது நியாயம்தான், ஏனென்றால் அவர் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. மூன்றாமவருக்கு இங்கே பிடிக்க ஒன்றுமே கிடைக்காது, யாரும் பேசவில்லையே. ஆனால் கதையின் உயிர் இந்தத் தேதி மாற்றத்தில்தான் இருக்கிறது. அத்தைக்காக அழுதால் அவர் தட்டாதது ஒரு சங்கோஜம், அவ்வளவுதான். கல்யாணச் சம்மதம் சொன்ன மாலையில் அழுதால் அவர் தட்டாதது ஒரு வாழ்க்கை. தள்ளி வைத்திருந்த அந்த விஷயத்தை அவர் முதலில் அத்தையின் சாவுக்கு அடியில் ஒளித்து வைத்தார், பிறகு தானே எடுத்து வெளியே போட்டார்.

அதனால்தான் நான் நாலாவதாக ஒன்று சொன்னேன். அவர் தன்னையே திருத்திக்கொள்ளும் இடங்களையும், தனக்கு எதிராகச் சொல்லும் இடங்களையும் எல்லாவற்றுக்கும் மேலே வை. தன் பெயரைக் காப்பாற்ற ஒருவர் சொல்வதைக் குறைவாகவும், தன் பெயர் கெடும்படி தானே சொல்வதை அதிகமாகவும் எடை போடுவது. ஊர்ப் பஞ்சாயத்திலும் இதைத்தான் செய்வார்கள். ஸ்டீவன்ஸ் ஒரு முறைக்கு இரண்டு முறை, தான் டார்லிங்டன் பிரபுவிடம் வேலை பார்க்கவே இல்லை என்று அந்நியர்களிடம் சொல்லியிருக்கிறார், அதில் ஒன்று புது முதலாளியின் விருந்தாளியிடம். அந்தப் பிரபுவோ நாஜிகளுக்கு உதவியவர் என்று ஊரெல்லாம் பெயர் கெட்டுப் போனவர். அவருடைய பெருமையைப் பக்கம் பக்கமாகப் பேசும் ஒரு மனிதர், நான் அவரைத் தெரியாது என்றேன் என்பதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. எழுதுகிறார். அதற்கு அவர் கொடுக்கும் சமாதானங்கள் நொண்டுகின்றன, ஆனால் மறுத்தார் என்ற செய்தியில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. பிரபு பெரிய மனிதர் என்ற அவருடைய புகழ்ச்சியை அவரே எவ்வளவு நம்புகிறார் என்பதற்கு அளவுகோல் இதுதான்.

இந்த நாலாவது வழியிலும் ஒரு வழுக்கல் உண்டு. சிலர் பரிதாபம் சம்பாதிக்கவே தங்களைத் தாழ்த்திக்கொள்வார்கள், அவர்களிடம் இந்தத் தராசு ஏமாந்துவிடும். ஸ்டீவன்ஸ் அந்த ரகம் இல்லை. அவருக்கு எல்லாவற்றையும்விடப் பெரியது ‘கண்ணியம்’, பரிதாபம் என்றால் ஓடி ஒளிவார். ஆக, எந்தத் தராசு என்று எடுப்பதற்கு முன்னால், இந்த ஆள் நம்மிடமிருந்து என்ன எதிர்பார்க்கிறார் என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதே தராசைத் தூக்கிக்கொண்டு மற்ற புத்தகங்களுக்குப் போகலாமா? போகலாம், ஆனால் எடைக்கற்கள் மாறும். அக்ராய்டில் கதை சொல்பவர் டாக்டர் ஷெப்பர்ட், கொலை செய்தவரும் அவரே. அவரிடம் ஸ்டீவன்ஸைப் போல மனசைப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை. கடிகாரத்தைப் படிக்க வேண்டும். கடிதம் வந்தது எட்டு நாற்பதுக்கு, நான் கிளம்பியது எட்டு ஐம்பதுக்கு, கதவுப் பிடியில் கை வைத்துத் தயங்கி, ஏதாவது செய்யாமல் விட்டேனா என்று திரும்பிப் பார்த்தேன் என்று எழுதுகிறார். ஒவ்வொரு வாக்கியமும் நிஜம். அந்தப் பத்து நிமிஷத்துக்குள்தான் கொலை. கடைசி அத்தியாயத்தில் தானே அதைக் காட்டி, அந்த இடத்தில் நட்சத்திரக் குறிகள் போட்டிருந்தால் யாராவது கவனித்திருப்பார்களா என்று கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொள்கிறார். இங்கே இரண்டாவது வழி மோசம் போய்விடும். சம்பவங்களை நம்பிக்கொண்டு விளக்கத்தை மட்டும் சந்தேகப்படுகிறவர் கொலையைக் கோட்டை விடுவார், ஏனென்றால் சொன்ன சம்பவங்கள் எல்லாம் சரி, சொல்லாத சம்பவம்தான் கொலை. நேரத்தைக் கூட்டிக் கழித்துப் பார்ப்பதுதான் இந்த நாவலுக்கு ஒரே வழி.

ஹென்றி ஜேம்ஸின் குறுநாவலில் நிலைமை வேறு. ஒரு ஆசிரியை, இரண்டு குழந்தைகள், இரண்டு பேய்கள். பேய் நிஜமா, அவள் மனக்கோளாறா என்று விமர்சகர் எட்மண்ட் வில்சன் 1934-இல் எழுதிய கட்டுரையிலிருந்து சண்டை ஓயவில்லை. ஏரிக்கரையில் அவள் பேயைக் காட்டும்போது கூட இருக்கும் ஹவுஸ்கீப்பர் மிஸஸ் குரோஸுக்கு ஒன்றும் தெரியவில்லை, அது ஒரு கட்சிக்கு. ஆனால் தான் உயிரோடு கண்டிராத, செத்துப்போன வேலைக்காரன் பீட்டர் குவின்டின் செம்பட்டைத் தலையை ஆசிரியை விவரித்ததும் அதே குரோஸ் ஆளை அடையாளம் சொல்லிவிடுகிறாள், இது மறு கட்சிக்கு. ஆசிரியை தனக்கு எதிராகச் சொல்கிறாளா, சாதகமாகச் சொல்கிறாளா என்றே இங்கே பிரிக்க முடியாது. நான் இந்தப் புத்தகத்தில் எந்தத் தராசையும் எடுப்பதில்லை, எடுத்தவர்கள் எல்லோரும் பாதிப் புத்தகத்தைத் தொலைத்ததைப் பார்த்துவிட்டேன்.

ஆக, ஸ்டீவன்ஸுக்கு மட்டும் என்றால் என் முடிவு: நாலாவது வழி முன்னால், அது வாய் திறக்காத இடத்தில் இரண்டாவது, அதற்குத் துணையாக மூன்றாவது, முதல் வழி வேண்டவே வேண்டாம். இதை எப்படிச் செய்வது என்று கேட்டால், இரண்டாம் வாசிப்பில் பென்சில் எடுங்கள். அவர் ‘யோசித்துப் பார்த்தால்’ என்று திரும்பும் இடத்தில் ஓரத்தில் ஒரு கோடு. பிறர் அவரைப் பற்றிச் சொல்லும் இடத்தில் ஒரு புள்ளி. அவர் பொதுவாக ‘ஒருவர் அப்படித்தான் நினைப்பார்’ என்று தன்னை விட்டு நழுவும் இடத்தில் ஒரு சுழி. முடித்துவிட்டு, கோடும் புள்ளியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் பக்கங்களை மட்டும் திரும்பப் படியுங்கள்.

நான் அப்படிச் செய்தபோதுதான் அத்தியாயத் தலைப்புகள் கண்ணில் பட்டன. முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று ஒழுங்காக எழுதிக்கொண்டு வருகிறார். நாலாம் நாள் மதியம், கார்ன்வாலில் ஒரு ஓட்டலில், கென்டனைப் பார்க்கப் போக இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது என்று உட்கார்ந்து எழுதுகிறார். அடுத்த தலைப்பு ஆறாம் நாள் மாலை, வேமத். அந்தச் சந்திப்பில், உங்களோடு வாழ்ந்திருக்கக்கூடிய வாழ்க்கையை நினைத்துப் பார்ப்பேன் என்று கென்டன் பஸ் நிறுத்தத்தில் சொன்னதையும், அப்போது தன் மனசு உடைந்தது என்பதையும் ஆறாம் நாள்தான் எழுதுகிறார், இதை ஒத்துக்கொள்வதில் என்ன தப்பு என்ற தொனியில். ஐந்தாம் நாளுக்கு ஒரு வரிகூட இல்லை. என் பிரதியில் அந்த இரண்டு தலைப்புகளுக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடத்தில்தான் பென்சில் கோடு எல்லாவற்றையும்விட அழுத்தமாக இருக்கிறது.